உம்றா போஸ்டரின் பின்னணிப் படம் யாருடையது?

நோன்பு நெருங்கும்போது நமது ஊர்களின் சந்திகளிலும் வட்ஸ்அப் குழுமங்களிலும் உம்றா விளம்பரங்கள் நிறையத் தொடங்கிவிடும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவந்தால் ஒரு விடயம் கண்ணில் படும். முகவர் நிலையத்தின் பெயர் வேறு, கட்டணம் வேறு, குழுவை அழைத்துச் செல்லும் மௌலவி வேறு. ஆனால் பின்னணிப் படம் ஒன்றுதான். ஒன்றோடொன்று போட்டியிடும் மூன்று நிறுவனங்கள், ஹரம் ஷரீபின் அதே இரவுக் காட்சியை அதே கோணத்தில் போட்டிருக்கும். அண்மைக் காலமாக இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது. வானத்திலிருந்து பொன்னிற ஒளி இறங்க, எந்தக் கமராவும் எடுத்திராத ஒரு கஃபா. அது செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏஐ வரைந்த படம்.

இரண்டு வகைப் படங்களைப் பற்றியும் கேட்கப்படாத கேள்வி ஒன்றே: இதை வியாபாரத்துக்குப் பயன்படுத்த யார் அனுமதி தந்தது?

நான் பாடசாலையில் தகவல் தொழினுட்பம் கற்பிப்பவன். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று கொமினிகேஷன் கடைகளிலும் அச்சகங்களிலும் டிசைனர்களாக இருக்கிறார்கள். "சேர், கூகுளில் எடுத்தால் பிரச்சினை வருமா?" என்று கேட்பார்கள். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கூற முடியாத கேள்வி அது. எனவே ஒரு போஸ்டரைப் பிரித்துப் பார்த்தே விளக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் இதற்குரியது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். ஒரு புகைப்படம் எடுக்கப்பட்ட கணத்திலேயே அதற்குப் பதிப்புரிமை உண்டாகிவிடுகிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை. படத்தில் பெயரோ முத்திரையோ இருக்க வேண்டும் என்பதுமில்லை. பேர்ன் சமவாயத்தில் இலங்கையும் உறுப்பு நாடு என்பதால், வெளிநாட்டவர் எடுத்த படத்துக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு.

கூகுள் படங்களுக்குச் சொந்தக்காரர் அல்ல. அது படம் எங்கே இருக்கிறது என்று காட்டும் வழிகாட்டி மட்டுமே. ஆகவே 'நன்றி: கூகுள்' என்று மூலையில் எழுதுவதால் எதுவும் மாறிவிடாது. படத்தை இடம் வலமாகத் திருப்பி, நிறத்தை மாற்றி, ஓரத்தை வெட்டினால் அது நமதாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. ஒரு படைப்பை மாற்றியமைக்கும் உரிமையும் அதன் சொந்தக்காரருக்கே உரியது. கற்பித்தல், விமர்சனம், செய்தி அறிக்கையிடல் போன்றவற்றுக்குச் சட்டம் நியாயமான பயன்பாடு என்ற சலுகையைத் தருகிறது. பொருளோ சேவையோ விற்பதற்கு அச்சடிக்கும் போஸ்டர் அந்தச் சலுகைக்குள் அடங்காது.

வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுவது இந்தச் சட்டப்படி குற்றமும் ஆகும். நீதவான் நீதிமன்றத்தில் 500,000 ரூபா வரை தண்டமோ ஆறு மாதங்கள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சொந்தக்காரர் நட்டஈடு கேட்டுத் தனியாக வழக்கிடவும் முடியும்.

இங்கே நமது வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. போஸ்டரில் இருப்பது டிசைனரின் தொலைபேசி இலக்கம் அல்ல, கடையின் இலக்கம். கடிதம் வந்தால் கடைக்குத்தான் வரும்.

ஒரு போஸ்டர், நான்கு படங்கள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு முகவர் நிலையம் உம்றா போஸ்டர் ஒன்றைக் கேட்கிறது. டிசைனர் நான்கு பொருட்களைச் சேர்க்கிறார்: பின்னணியில் ஹரத்தின் இரவுப் புகைப்படம், முன்னால் இஹ்ராமில் கையேந்தி நிற்கும் ஒரு முதியவர், சுற்றிவரப் பொன்னிற அரபிய அலங்காரச் சட்டகம், கீழே ஏஐயில் உருவாக்கிய ஹோட்டல் அறை. பார்ப்பவருக்கு அது ஒரே போஸ்டர். லைசன்ஸ் கணக்கில் அது நான்கு வெவ்வேறு பொருட்கள். நான்குக்கும் நான்கு பதில்கள் வேண்டும்.

முதலில் பின்னணி. பெக்ஸல்ஸ், அன்ஸ்பிளாஷ் போன்ற தளங்களிலிருந்து எடுத்திருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. அத்தளங்களின் நிபந்தனைகள் வியாபாரப் பயன்பாட்டையும் இலவசமாக அனுமதிக்கின்றன. ஷட்டர்ஸ்டொக் போன்ற கட்டணத் தளமென்றால், சாதாரண லைசன்ஸில் 500,000 அச்சுப் பிரதிகள் வரை அடிக்கலாம். நமது ஊர்ப் போஸ்டருக்கு அது தாராளம்.

ஆனால் ஹரத்தின் படங்களில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் முகம் தெரிய நிற்கும் படத்தில், அத்தனை பேரிடமும் எழுத்துமூலம் சம்மதம் பெற முடியாது. எனவே இப்படிப்பட்ட படங்கள் பல, செய்தி மற்றும் கட்டுரைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற குறிப்போடுதான் கட்டணத் தளங்களில் விற்கப்படுகின்றன. காசு கொடுத்து வாங்கினாலும் அவற்றை விளம்பரத்தில் போட முடியாது. 'வாங்கிவிட்டேன்' என்பது வேறு, 'விளம்பரத்துக்கு வாங்கினேன்' என்பது வேறு. படத்தின் பக்கத்திலேயே அந்தக் குறிப்பு இருக்கும், வாசிக்காமல் விடுவதுதான் வழக்கம்.

அடுத்து முதியவர். புகைப்படக் கலைஞர் தரும் அனுமதி படத்துக்கு மட்டுமே உரியது. படத்தில் இருப்பவரின் சம்மதம் தனி விடயம். இலவசத் தளங்களும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. படத்தில் அடையாளம் தெரியும் ஒருவர் உங்கள் பொருளையோ சேவையையோ பரிந்துரைக்கிறார் என்று தோன்றும்படி பயன்படுத்தக்கூடாது என்பது பெக்ஸல்ஸ் தளத்தின் நிபந்தனை. அந்த முதியவரின் பக்கத்தில் 'எங்களோடு வந்தவர்கள் சொல்கிறார்கள்' என்று எழுதினால் லைசன்ஸ் அங்கேயே முறிந்துவிடும். அவர் அந்த நிறுவனத்தோடு போனவரும் அல்லர், எதையும் சொன்னவரும் அல்லர்.

மூன்றாவது, அலங்காரச் சட்டகம். நமது டிசைனர்கள் இவற்றைப் பெரும்பாலும் எடுப்பது ஃப்ரீபிக் தளத்தில். அங்கே இலவசம் என்பதற்கு ஒரு விலை உண்டு. இலவசக் கணக்கில் எடுப்பவர், வடிவமைத்தது யார் என்ற வரியைப் போஸ்டரில் போட வேண்டும். கட்டணச் சந்தாவில் எடுப்பவருக்கு அந்தக் கடப்பாடு இல்லை. அந்த வரியோடு வந்த உம்றா போஸ்டர் எதையும் நான் பார்த்ததில்லை. சந்தா வைத்திருப்பவர்களைத் தவிர மற்ற எல்லோரும் நிபந்தனையை மீறித்தான் அச்சடித்திருக்கிறார்கள் என்பதே இதன் அர்த்தம்.

நான்காவதான ஏஐ படத்துக்குப் பின்னர் வருகிறேன். அதற்கு முன், நமது ஊர்களில் அதிகம் நடக்கும் மீறல் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது திருட்டுப் படத்தில் நடப்பதல்ல, முறையாக வாங்கிய படத்தில் நடப்பது.

வாங்கிய படம் எத்தனை கடைக்கு?

ஒரு டிசைனர் ஷட்டர்ஸ்டொக் சந்தா எடுத்து, ஹரத்தின் படமொன்றை முறையாக டவுன்லோட் செய்கிறார். ஒரு முகவர் நிலையத்துக்குப் போஸ்டர் செய்கிறார். அதுவரை எல்லாம் சரி. அடுத்த வாரம் இன்னொரு நிலையம் வருகிறது. அதே படம், வேறு பெயர். பிறகு மூன்றாவது, நான்காவது. 'படத்துக்குத்தான் நான் காசு கட்டிவிட்டேனே' என்பது அவருடைய நியாயம்.

லைசன்ஸ் அப்படிச் சொல்லவில்லை. டிசைனர் தன் வாடிக்கையாளருக்காகப் படத்தை எடுக்கலாம், ஆனால் அந்த லைசன்ஸ் அந்த ஒரு வாடிக்கையாளருக்கானது. அதே படத்தை இன்னொரு வாடிக்கையாளருக்குப் பயன்படுத்த வேண்டுமானால் மீண்டும் லைசன்ஸ் எடுக்க வேண்டும். அப்படியானால் முதலாவது நிலையம் சட்டப்படி நிற்கிறது. இரண்டாவது முதல் நான்காவது வரையானவை, தமக்குத் தெரியாமலேயே அனுமதியின்றி நிற்கின்றன.

இதைவிட மோசமானது டெம்ப்ளேட் வியாபாரம். 'ரமழான் போஸ்டர்கள் 50, திறந்த கோப்பு' என்று வட்ஸ்அப்பில் விற்பனை நடக்கிறது. ஸ்டொக் படத்தைக் கோப்புக்குள் வைத்து, மற்றவர் பிரித்தெடுக்கும் நிலையில் விற்பதைப் பெரும்பாலான சாதாரண லைசன்ஸ்கள் அனுமதிப்பதில்லை. விற்பவருக்கே இல்லாத உரிமை வாங்குபவருக்கு எங்கிருந்து வரும்? கன்வா பயன்படுத்துவோரும் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே ப்ரோ படமொன்றைச் சேர்த்துப் போஸ்டர் செய்து அச்சடிக்கலாம். அந்தப் படத்தை மட்டும் தனியாக எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

தன் கையில் உள்ள கோப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு கடைக்காரர் எப்படி அறிவது? கோப்பின் பெயர் பல வேளைகளில் காட்டிக்கொடுக்கும். டிசைனரின் கணினியில் படக் கோப்பின் பெயர் `shutterstock_` என்றோ `AdobeStock_` என்றோ தொடங்கி ஓர் இலக்கத்தோடு முடிந்தால், அது கட்டணத் தளத்தின் படம். அதற்குரிய பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்கலாம். பெயர் `istockphoto-` என்று தொடங்கி `612x612.jpg` என்று முடிந்தால் கேட்கவே தேவையில்லை. அது வாங்குவதற்கு முன் பார்ப்பதற்காகக் காட்டப்படும் மாதிரிப் பிரதி, யாரும் காசு கட்டவில்லை என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. பெயரை மாற்றிவிட்டிருந்தால், படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் மூலத் தளம் பெரும்பாலும் வந்துவிடும். நமக்கு இது இவ்வளவு எளிதென்றால், படத்தின் சொந்தக்காரருக்கும் அவ்வளவு எளிதுதான். இணையம் முழுவதும் படங்களைத் தேடிப்பிடித்துக் கட்டணம் கோருவதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. போஸ்டர் முகநூலில் ஏறிய பின் அது சந்தியில் தொங்கும் பதாகை மட்டுமல்ல.

ஏஐ வரைந்தால் கவலை இல்லையா?

இந்தத் தொல்லை எல்லாம் வேண்டாம் என்றுதான் பலரும் ஏஐக்குப் போகிறார்கள். 'நானே செய்வித்த படம், யாரும் உரிமை கேட்க முடியாது' என்கிறார்கள். அதில் பாதி உண்மை. மறு பாதி அவர்களுக்கே எதிரானது.

நமது சட்டத்தில் ஆக்கியோன் என்பவர், படைப்பை உருவாக்கிய இயற்கையான ஆள், அதாவது ஒரு மனிதர். நான்கு வரி எழுதி இயந்திரத்திடமிருந்து பெற்ற படத்துக்கு 'நானே ஆக்கியோன்' என்று வாதிடுவது இந்த வரைவிலக்கணத்தின் கீழ் கடினம். அமெரிக்காவில் இது நேரடியாகவே பரிசீலிக்கப்பட்டது. 2023 பெப்ரவரியில், மிட்ஜேர்னி மூலம் படங்கள் உருவாக்கப்பட்ட ஒரு சித்திரக் கதைக்கு, எழுத்துக்கும் படங்களை ஒழுங்குபடுத்திய முறைக்கும் மட்டுமே உரிமை உண்டு, தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்று அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் கூறியது. அதே ஆண்டு நவம்பரில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் இதற்கு மாறாக, பல தடவை திருத்தி உருவாக்கிய ஓர் ஏஐ படத்துக்கு அதைச் செய்வித்தவரையே உரிமையாளராக ஏற்றது. உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

'ஆனால் படம் உங்களுக்கே சொந்தம் என்று அந்தச் செயலியின் நிபந்தனையில் இருக்கிறதே?' என்று கேட்கலாம். அது அந்த நிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். அந்த நிறுவனம் உங்களிடம் வழக்காடாது என்பதே அதன் பொருள். மூன்றாவது ஆளைத் தடுக்கும் உரிமையை ஒப்பந்தத்தால் உருவாக்க முடியாது.

இதன் நடைமுறை விளைவு என்ன? உங்கள் ஏஐ பின்னணியை அடுத்த தெருப் போட்டியாளர் அப்படியே எடுத்துப் போட்டால், அதைத் தடுப்பதற்கு உங்கள் கையில் வலுவான ஆயுதம் இல்லை. நாளை மாறும் ஒரு போஸ்டரின் பின்னணிக்கு இது பெரிய நட்டமல்ல. ஆனால் சிலர் ஏஐயிலேயே நிறுவனத்தின் இலச்சினையையும் செய்கிறார்கள். பல வருடங்கள் கட்டியெழுப்பும் பெயரின் அடையாளத்தை, பிறர் எடுத்தால் தடுப்பதே சந்தேகமான ஒரு பொருளின் மீது வைப்பது புத்திசாலித்தனமல்ல. இலச்சினையை ஒரு மனிதரைக் கொண்டு வரைவித்து, வியாபாரக் குறியாகத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவதே பாதுகாப்பு. ஸ்டொக் தளத்தில் எடுத்த உருவத்தையும் இலச்சினையாக்க முடியாது. அதே உருவத்தை யாரும் வாங்கலாம் என்பதால் அத்தளங்களே அதைத் தடைசெய்கின்றன.

மறு பக்கம், ஏஐ படத்துக்குள் மற்றவருடைய சொத்து வந்துவிடும் ஆபத்து. கெட்டி இமேஜஸ் நிறுவனம் ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2025 நவம்பர் 4 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரதான பதிப்புரிமை வாதத்தில் கெட்டி தோற்றது. பயிற்றப்பட்ட மாதிரி, படங்களின் பிரதிகளைத் தன்னுள் வைத்திருக்கவில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு. ஆனால் பழைய பதிப்புகளில் உருவான சில படங்களில் கெட்டியின் முத்திரை போன்ற எழுத்து தோன்றியதால், வியாபாரக் குறி மீறல் குறுகிய அளவில் ஏற்கப்பட்டது. 'ஏஐ வென்றுவிட்டது, இனி எதையும் செய்யலாம்' என்று இதை வாசிப்பது தவறு. தீர்ப்பு அந்த மென்பொருளைப் பற்றியது. வெளியே வந்த ஒரு குறிப்பிட்ட படம் இன்னொருவரின் படத்தையோ பாத்திரத்தையோ ஒத்திருந்தால், அதை அச்சடித்தவரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. பெருநாள் ஆடை விற்பனைப் போஸ்டரில் டிஸ்னி பாத்திரம் போன்ற ஒரு சிறுமியை வரைவிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் மிட்ஜேர்னிக்கு எதிராக வழக்குத் தொடுத்ததும் இதே பாத்திரங்கள் காரணமாகத்தான்.

நமது உதாரணத்தின் நான்காவது படமான ஹோட்டல் அறைக்கு வருவோம். அதற்கு லைசன்ஸ் கேட்க யாரும் வரமாட்டார்கள். ஆனால் அப்படியொரு அறை மக்காவில் இல்லை. வருடக்கணக்கில் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசைக் கொடுக்கும் ஒரு தாய், கஃபா தெரியும் அந்த யன்னலைப் பார்த்துத்தான் கொடுக்கிறார். மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது. பதிப்புரிமைப் பிரச்சினை இல்லாத படமும் இந்தச் சட்டத்தில் மாட்டலாம். தங்கும் இடத்துக்கு ஹோட்டல் அனுப்பும் உண்மையான படத்தை மட்டும் போடுவதே நேர்மை.

கஃபாவையே ஏஐயில் வரைவிப்போருக்கும் ஒரு வார்த்தை. அந்தப் படங்களைப் பெரிதாக்கி கிஸ்வாவில் உள்ள எழுத்தைப் பாருங்கள். பல வேளைகளில் அங்கே இருப்பது எழுத்தல்ல, எழுத்துப் போன்ற கோடுகள். இறை வசனம் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமற்ற கிறுக்கலை வைத்து அச்சடிப்பதை எவரும் விரும்பமாட்டார். ஒரு படம் ஏஐயுடையதா என்று அறிய இதுவே எளிய அடையாளமும்கூட.

செய்ய வேண்டியது

முகவர் நிலையமோ கடையோ, டிசைனரிடம் போஸ்டரோடு ஒரு சிறு குறிப்பையும் கேட்டுப் பெறட்டும். எந்தப் படம், எந்தத் தளத்தில், எந்தத் திகதியில், யாருடைய கணக்கில் எடுக்கப்பட்டது என்பது அதில் இருந்தால் போதும். லைசன்ஸ் பக்கத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் சேர்த்து வைப்பது நல்லது, ஏனெனில் தளங்களின் நிபந்தனைகள் மாறுவதுண்டு. பிக்ஸபே தளம் 2019 இல் தன் நிபந்தனைகளை மாற்றியது. எடுத்த நாளில் என்ன எழுதியிருந்தது என்பதைக் காட்டக் கையில் ஆதாரம் வேண்டும். ஏஐ படமென்றால் எந்தச் செயலி, இலவசக் கணக்கா கட்டணக் கணக்கா என்பதையும் எழுத வேண்டும். இந்தத் தகவல் சில படக் கோப்புகளுக்குள்ளேயே பதிந்திருந்தாலும், வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது அழிந்துவிடும்.

டிசைனர்கள் தங்கள் கட்டணத்தில் படத்தின் விலையைத் தனி வரியாகக் காட்டத் தொடங்க வேண்டும். அப்படிக் காட்டினால்தான் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி லைசன்ஸ் எடுக்க அவர்களுக்கும் கட்டுப்படியாகும்.

இது மேற்கு நாட்டுக் கம்பனிகளின் பிரச்சினை, நமக்கென்ன என்று கேட்பவர்களும் உண்டு. 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, ஆக்கியோனின் உரிமையும் வியாபாரப் பெயரும் வியாபாரக் குறியும் ஷரீஆ பாதுகாக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக்கூடாது என்று தீர்மானித்துவிட்டது. உம்றாவுக்கு ஆள் சேர்க்கும் போஸ்டருக்கே இது பொருந்தாவிட்டால் வேறெதற்குப் பொருந்தும்?

இழப்பதும் வெளிநாட்டவர் மட்டுமல்ல. நமது ஊர்களிலும் பள்ளிவாசலையும் கடற்கரையையும் பெருநாள் திடல் தொழுகையையும் அதிகாலையில் போய் எடுத்துவரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களது படங்கள் பெயரில்லாமல், ஒரு சதமும் கிடைக்காமல், கடைகளின் பதாகைகளில் தொங்குகின்றன. பின்னணிப் படத்துக்காகக் கூகுளைத் திறக்கும் முன், பக்கத்துத் தெருவில் கமரா வைத்திருக்கும் அந்தப் பையனை அழைத்து விலை பேசிப் பாருங்கள். உங்கள் ஊரின் படம், உங்கள் கடைக்கு மட்டும், எழுத்தில் அனுமதியோடு கிடைக்கும். போட்டியாளரின் போஸ்டரில் அது ஒருபோதும் வராது.